பைல் தலை எவ்வளவு நகரும்? ஒற்றை ஸ்பிரிங்கை நம்பும் தவறு

பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய ஒரு மனைக்கு வந்த பைல் கணக்கை ஒருமுறை சரிபார்த்தேன். பைலின் தலையில் கிடைவிசை வந்தால் அது எவ்வளவு நகரும் என்பதே கேள்வி. மேலே கொட்டிய மண், அதற்குக் கீழே கட்டைவிரல் வைத்தால் இறங்கும் களிமண். மண்ணை ஸ்பிரிங்காக வைத்து, 5 மிமீ நகர்வுக்கு அதன் விறைப்பு எண் ஒன்றைக் கண்டுபிடித்து, பைல் முழுக்க அதையே போட்டிருந்தார் கணக்குப் போட்ட தம்பி. “விசை இரண்டு மடங்கானால் நகர்வும் இரண்டு மடங்குதானே சார்?” என்றார். அந்த மண்ணில் அப்படி இல்லை.

பைலைக் கிடையாகத் தள்ளினால் ஒவ்வொரு ஆழத்திலும் மண் எதிர்த்துத் தள்ளும். ஒரு மீட்டர் நீளத்துக்கு மண் தரும் எதிர்ப்பு p, அந்த இடத்தில் பைல் நகர்ந்த அளவு y. இரண்டுக்கும் உள்ள உறவுதான் பி-ஒய் வளைகோடு. தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, போகப்போகப் படுத்துவிடும். மென்மையான களிமண்ணுக்கு மேட்லாக் 1970இல் தந்த வடிவம் இது:

```
p = 0.5 * pu * (y / y50)^(1/3)
y50 = 2.5 * e50 * D
```

pu என்பது அந்த ஆழத்தில் மண் தரக்கூடிய உச்ச எதிர்ப்பு. y50 என்பது அதில் பாதியை எட்டும் நகர்வு. e50 என்பது களிமண் தன் வலிமையில் பாதியை எட்டும்போது உள்ள திரிபு. D பைலின் விட்டம்.

600 மிமீ விட்டமுள்ள பைல் என்று வைத்துக்கொள்வோம். களிமண்ணின் வெட்டு வலிமை 15 கிலோபாஸ்கல், e50 0.02. அப்போது y50 30 மிமீ. ஒரு மீட்டர் ஆழத்தில் pu சுமார் 38 கிலோநியூட்டன். பைல் 5 மிமீ நகர்ந்தால் எதிர்ப்பு 10.5; 10 மிமீ நகர்ந்தால் 13 சொச்சம். நகர்வு இரட்டித்தும் எதிர்ப்பு கால் பங்குதான் கூடியது.

மேல் மண் முழுதும் இப்படியே இருப்பதாக வைத்து, எம்30 கான்கிரீட் பைலுக்குக் கணக்கிட்டால், தலை கட்டுப்படாத பைல் 22 கிலோநியூட்டனுக்கு 5 மிமீ நகர்கிறது. விசையை 44 ஆக்கினால் ஒற்றை ஸ்பிரிங் 10 மிமீ என்று சொல்லும். வளைகோட்டைப் பின்பற்றினால் 20 மிமீ வரும். மண்ணின் எதிர்ப்பு y-யின் மூன்றாம் படிமூலமாக ஏறும்போது, ஆழம் தோறும் மண் ஒரே மாதிரி இருந்தால், தலையின் நகர்வு விசையின் வர்க்கமாக ஏறுகிறது. வளைவுத் திருப்புமையும் இரண்டு மடங்கோடு நிற்காது, இரண்டரை மடங்கு ஆகிவிடும். கம்பிக்கூட்டை முடிவு செய்பவருக்கு நகர்வைவிட இதுதான் தலைவலி.

“சரி, பைலை ஆழமாக்கிவிடலாம்” என்பது அடுத்த யோசனை. இந்தப் பைலில் தலை நகர்வின் தாக்கம் ஆறேழு மீட்டரோடு முடிந்துவிடுகிறது. 18 மீட்டரை 25 ஆக்கினால் செங்குத்துச் சுமைக்கு உதவலாம், பைல் தலைக்கு அது தெரியவே தெரியாது. அதனால் பாறை எங்கே வருகிறது என்பதைவிட, பைல் தலையை வெட்டி முடிக்கும் கட்-ஆஃப் மட்டத்திலிருந்து கீழே ஆறு மீட்டரில் என்ன மண் என்பதே முக்கியம். சுத்தியல் அடிகளை எண்ணும் எஸ்பிடி சோதனையில் எண் 1, 2 என்று வரும் களிமண்ணில் அந்த எண்ணிலிருந்து வலிமையை ஊகிப்பது கிட்டத்தட்ட சீட்டுக் குலுக்கல். மண்ணுக்குள் தகடுகளைச் சுழற்றி வெட்டு வலிமையை நேரடியாக அளக்கும் வேன் ஷியர் சோதனை செய்யச் சொல்லுங்கள்.

இனி தளச் சோதனை. பைல்களுக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 2911இன்படி 12 மிமீ நகர்வு தரும் விசையில் பாதி, 5 மிமீ நகர்வு தரும் விசை, இவற்றில் குறைந்தது அனுமதிக்கத்தக்க விசை. நம் பைலுக்கு 12 மிமீ-க்கு 35 கிலோநியூட்டன் வருகிறது, பாதி 17. அதாவது 5 மிமீ-யின் 22 அல்ல, 17தான் எல்லை. இதிலேயே ஓர் அடையாளம் இருக்கிறது. 12 மிமீ விசை 5 மிமீ விசையின் இரண்டு மடங்குக்கும் குறைவாக இருந்தால், மண் ஏற்கெனவே வளைகோட்டின் படுத்த பகுதியில் இருக்கிறது. அந்தச் சோதனையிலிருந்து ஒற்றை ஸ்பிரிங் எடுக்கக் கூடாது.

சோதனையில் தலை சுழல முடியும். கட்டடத்தில், பைல் தலைகளை இணைக்கும் கான்கிரீட் கட்டையான பைல் கேப் சுழற்சியைத் தடுக்கும். ஒரே விசைக்கு நகர்வு, நேர்கோட்டு மண்ணில்கூடப் பாதியாகும். இதைக் காட்டி அனுமதி விசையை ஏற்றிக்கொள்பவர்கள் இரண்டை மறக்கிறார்கள். தலை கட்டுண்டால் உச்சத் திருப்புமை கேப்பின் அடியிலேயே வரும், கம்பி அங்கே கேப்புக்குள் போதிய நீளம் போக வேண்டும். அப்புறம், கேப்புக்குக் கீழே பல பைல்கள். முன் வரிசை தள்ளிய மண்ணையே பின் வரிசையும் தள்ளுவதால் அதற்குக் கிடைக்கும் எதிர்ப்பு குறைவு. மூன்று விட்ட இடைவெளியில், அமெரிக்க ஆஷ்டோ நெறிமுறை முன் வரிசைக்கு p-யை 0.8 ஆலும் இரண்டாவதற்கு 0.4 ஆலும் அதற்குப் பின்னுள்ளவற்றுக்கு 0.3 ஆலும் பெருக்கச் சொல்கிறது. தனி பைல் சோதனையின் எண்ணை ஒன்பதால் பெருக்கி, ஒன்பது பைல் கேப்புக்கு எழுதியிருந்தார் தம்பி. அந்தத் தாளைத் திருப்பி அனுப்பினேன்.