ஆய்வேட்டைச் சரிபார்ப்புக்கு அனுப்ப முன்: கோப்புக்குள் மென்பொருள் எதைக் காண்கிறது?

கல்லடியில் எங்கட டைப்செட்டிங் கடைக்கு இறுதியாண்டு முடியிற நேரத்தில் ஒரே முறைப்பாடுதான் வரும். போன முறை ஒரு தங்கச்சி வந்தா. மட்டக்களப்பு வாவி மீனவர்களைப் பற்றிய ஆய்வேடு. ஆய்வேடு மற்றவர்களின் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் டர்னிட்டின் மென்பொருளின் ஒப்புமை அறிக்கையில் 0% என்று வந்திருந்தது, கீழே விரிவுரையாளர் "திருத்திச் சமர்ப்பிக்கவும்" என்று எழுதியிருந்தார்.

"சீரோ வந்தா நல்லம்தானே அண்ணா?"

நல்லமில்லை. மேற்கோள்களும் அளவுத்திட்ட வினாக்களும் உள்ள ஒரு ஆய்வேட்டில் ஒன்றும் ஒத்துப்போகவில்லை என்றால், பெரும்பாலும் மென்பொருள் அதை வாசிக்கவே இல்லை. அவவின் கோப்பை வைத்தே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: நோட்பேட் சோதனை

கோப்பைத் திறந்து Ctrl+A, Ctrl+C அழுத்துங்கள். நோட்பேடைத் திறந்து Ctrl+V. அங்கே விழுவதுதான், கிட்டத்தட்ட, மென்பொருள் வாசிக்கும் எழுத்து. எழுத்துருவும் நிறமும் பக்க அமைப்பும் அதற்குத் தேவையில்லை.

தங்கச்சியின் பிடிஎஃபில் ஒன்றுமே விழவில்லை. மேற்பார்வையாளரின் கையொப்பம் வாங்குவதற்காக முழு ஆய்வேட்டையும் அச்செடுத்து, கையொப்பத்தோடு முழுவதையும் ஸ்கேன் பண்ணியிருந்தா. ஸ்கேன் பண்ணிய பக்கம் ஒரு படம், அவ்வளவுதான். டர்னிட்டின் போன்றவை படத்துக்குள் இருக்கும் எழுத்தை எடுப்பதில்லை. 20 சொல்லாவது இல்லாத கோப்பை அது ஏற்றுக்கொள்ளவும் மாட்டாது. அப்ப இது எப்படி ஏறியது? முன் அட்டை மட்டும் வேர்டில் இருந்து வந்த பக்கம். அதிலிருந்த தலைப்பும் பெயரும் 20 சொல்லைத் தாண்டிவிட்டன. அட்டையைத்தான் சோதித்துப் போட்டு 0% கொடுத்திருக்கிறது.

தீர்வு சுலபம். கையொப்பம் தேவைப்படுவது உறுதிமொழிப் பக்கத்துக்கு மட்டும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி, வேர்ட் கோப்பில் அந்த இடத்தில் படமாகப் போடுங்கள். மிச்சம் எல்லாம் எழுத்தாகவே இருக்கட்டும். வேர்ட் கோப்பே தொலைந்துவிட்டது, ஸ்கேன்தான் மிச்சம் என்றால், எழுத்தறியும் மென்பொருளில் தமிழைத் தெரிவு செய்து ஓட விடலாம். ஆங்கிலத்தில் விட்டுவிட்டால் தமிழ் வரியெல்லாம் குப்பையாக வரும். எப்படி எடுத்தாலும் வரிக்கு வரி பார்த்துத் திருத்த வேண்டும்.

இரண்டாம் படி: பாமினியைப் பிடிப்பது

வேர்ட் கோப்பைக் கொண்டுவரச் சொன்னேன். அதே சோதனையைச் செய்தபோது முதலாம் அத்தியாயம் ஒழுங்காகத் தமிழில் விழுந்தது. இரண்டாம் அத்தியாயம் இப்படி:

```
kl;lf;fsg;G thtp kPdth;fs;
```

இது "மட்டக்களப்பு வாவி மீனவர்கள்". பாமினி எழுத்துருவில் அடித்தது. பாமினியில் நாங்கள் அடிப்பது ஆங்கில எழுத்துத்தான். திரையில் மட்டும் தமிழ் முகமூடி. மென்பொருளுக்கு முகமூடி தெரியாது. யூனிகோட் தமிழில் இருக்கும் எந்த இணையப் பக்கத்தோடும் இந்த வரி ஒருநாளும் ஒத்துப்போகாது. எங்கட பக்கத்தில் பழைய கடைகளில் இன்னும் பாமினியில் அடித்துக் கொடுக்கிறார்கள் (நானும் பல வருசம் அப்படித்தான் கொடுத்தேன்), அதனால் வெளியே கொடுத்து அடித்த அத்தியாயத்தைக் கட்டாயம் பாருங்கள்.

முழு அத்தியாயத்தையும் அப்படியே பாமினியை யூனிகோடாக்கும் மாற்றியில் போடாதீர்கள். இடையில் டைம்ஸ் எழுத்துருவில் இருக்கும் GPS போன்ற ஆங்கிலச் சொற்களையும் அது தமிழாக்கிச் சிதைத்துவிடும். முதலில் பாமினியைப் பிரித்துக்கொள்ளுங்கள். வேர்டில் Ctrl+H அழுத்தி, Find what பெட்டியை வெறுமையாக விட்டு, More, Format, Font வழியாக Bamini-ஐத் தெரிவு செய்யுங்கள். Replace with பெட்டியையும் வெறுமையாக விட்டு, அதற்கு எழுத்து நிறத்தைச் சிவப்பாக்குங்கள். Replace All. சிவப்பானதெல்லாம் பாமினி. அதை மட்டும் பந்தி பந்தியாக எடுத்து யூனிகோடாக்கி, பழைய இடத்தில் ஒட்டுங்கள். கடைசியில் நிறத்தைக் கறுப்பாக்க மறக்கவேண்டாம்.

இதற்குப் பிறகுதான் கண்ணுக்குத் தெரியாத பிழை. மேலே "மீனவர்கள்" என்பதில் ர் என்ற எழுத்து h; என்று இருக்கிறதைக் கவனியுங்கள். பாமினியில் h என்பது கால், அதாவது ா. புள்ளி வைத்த ர் அடிக்க எங்களுக்குப் பழக்கம் அந்தக் காலைத்தான் பாவிப்பது. சில மாற்றிகள் அதைக் காலாகவே விட்டுவிடும்: "மீனவா்கள்". திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலத் தெரியும். மென்பொருளுக்கு வேறு சொல். Ctrl+H போட்டு ா் என்பதை ர் ஆகவும், ாி என்பதை ரி ஆகவும், ாீ என்பதை ரீ ஆகவும் மாற்றுங்கள். தங்கச்சியின் ஒரே அத்தியாயத்தில் இது முந்நூறுக்கு மேல் இருந்தது.

மூன்றாம் படி: பெட்டியும் அட்டவணையும்

எழுத்துப் பெட்டிக்குள் இருக்கும் எழுத்து உடற்பகுதி எழுத்தோடு சேர்ந்து ஓடுவதில்லை. வேர்ட் அதைத் தனியாகச் சேமிக்கிறது. சில மென்பொருள்கள் அதை விட்டுவிடும், சில இரண்டு தரம் வாசிக்கும். Alt+F10 அழுத்தினால் நீங்கள் நிற்கும் பக்கத்தில் உள்ள பெட்டிகளின் பட்டியல் வரும். வசனம் உள்ள பெட்டியென்றால் வசனத்தை வெட்டி உடற்பகுதியில் ஒட்டிவிட்டு, பெட்டியை அழியுங்கள். மேற்கோளென்றால் இரட்டை மேற்கோள் குறி போடுங்கள். மேற்கோளைக் கணக்கில் இருந்து கழிக்கும் வசதி அந்தக் குறியைத்தான் தேடும்.

எண்கள் உள்ள அட்டவணை அப்படியே இருக்கட்டும். தொல்லை தருவது நேர்காணல் பதில்களைப் பக்கம் பக்கமாக வைத்த அட்டவணை. இடப்பெட்டியில் "மாலையில் வலை போட்டு / விடிய எடுப்போம்", வலப்பெட்டியில் "தோணிக் கூலி / கூடிப்போச்சு" என்று இருந்தால், பிடிஎஃபில் வரி குறுக்காக வாசிக்கப்பட்டு "மாலையில் வலை போட்டு தோணிக் கூலி விடிய எடுப்போம் கூடிப்போச்சு" என்றாகும். யாருடைய வசனமும் இல்லாத வசனம். அட்டவணையைத் தெரிவு செய்து Layout பகுதியில் Convert to Text கொடுத்து, ஒவ்வொரு பதிலையும் தனிப் பந்தியாக்குங்கள்.

அட்டைப்படத்தில் வெள்ளை நிற எழுத்து இருந்தால் அதையும் கறுப்பாக்குங்கள். மறைத்த எழுத்து என்று டர்னிட்டின் கொடி காட்டக்கூடும், வீண் விளக்கம் சொல்லவேண்டி வரும்.

கடைசிப் படி

.docx ஆகவே கொடுக்க விட்டால் அதையே கொடுங்கள். பிடிஎஃப்தான் வேண்டும் என்றால் வேர்டில் Save As மூலம் எடுத்து, திரும்பவும் நோட்பேட் சோதனை செய்யுங்கள். பிடிஎஃப் எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் வைப்பதால் "கொள்முதல்" என்பது சிலவேளை "ெகாள்முதல்" என்று கொம்பு முன்னே வந்து விழும். அப்படி விழுந்தால் எழுத்துருவை மாற்றித் திரும்ப எடுத்துப் பாருங்கள். அதற்கும் சரிவராவிட்டால் நோட்பேடில் விழுந்ததைக் காட்டி, வேர்ட் கோப்பை ஏற்கும்படி விரிவுரையாளரிடம் கேளுங்கள். தங்கச்சி அப்படித்தான் கேட்டா, விட்டார்கள்.

இரண்டாம் முறை அறிக்கை 17% என்று வந்தது. திறந்து பார்த்தோம். பாதிக்கு மேல் வினாக்கொத்து, மிச்சத்தில் ஒரு பந்தி மட்டும் இரண்டாம் அத்தியாயத்தில், மேற்கோள் குறி இல்லாமல். பாமினிக்குள் இருந்தபோது அது யாருக்கும் தெரியவில்லை, அவவுக்கும்தான். கடையிலேயே இருந்து திருத்தி அடித்துவிட்டுப் போனா.