தம்பதியர் பலனில் உச்சக் காலமும் சவால் எண்ணும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

எண்கணிதத்தில் ஒருவருடைய வாழ்க்கையை நான்கு உச்சக் காலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு சவால் எண்ணைச் சேர்த்துப் பார்க்கும் முறை மேலை நாட்டிலிருந்து வந்தது. நம் பக்கத்தில் பெயரெண் பார்த்துப் பழகியவர்கள் இப்போது இதையும் கையில் எடுத்து, கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துப் பலன் எழுதித் தருகிறார்கள். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் அப்படி எழுதப்பட்ட தாள்களைத் திருத்தித் தரச் சொல்லிச் சிலர் என்னிடம் கொண்டுவருவதுண்டு. அவற்றில் திரும்பத் திரும்பக் காணும் பிழைகளை மட்டும் இங்கே சொல்கிறேன். கூட்டல் தவறியது, மாதத்தையும் நாளையும் மாற்றி எழுதியது போன்றவற்றை அவரவரே கண்டுபிடித்துக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கணக்கு எளியது. பிறந்த மாதம், நாள், ஆண்டு மூன்றையும் தனித்தனியே ஓரிலக்கமாக்க வேண்டும். மாதமும் நாளும் கூடினால் முதல் உச்சம். நாளும் ஆண்டும் கூடினால் இரண்டாவது. அந்த இரண்டும் கூடினால் மூன்றாவது. மாதமும் ஆண்டும் கூடினால் நான்காவது. அதே இணைகளைக் கூட்டாமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் சவால் எண்கள் கிடைக்கும்; மூன்றாவது சவாலுக்கு மட்டும் முதல் இரண்டு சவால் எண்களைக் கழிக்க வேண்டும். முதல் உச்சம் 36-இலிருந்து விதி எண்ணைக் கழித்தால் வரும் வயதில் முடிகிறது. அடுத்த இரண்டும் ஒன்பது ஒன்பது ஆண்டுகள் நீடிக்கின்றன. நான்காவது வாழ்நாள் முழுவதும் தொடர்கிறது.

பிறவி எண்ணை விதி எண்ணாக எடுத்துக்கொள்வது

நம் ஊரில் பிறவி எண் என்றால் பிறந்த நாளின் எண். விதி எண் என்றால் நாள், மாதம், ஆண்டு மூன்றின் கூட்டு. 36-இலிருந்து கழிக்க வேண்டியது விதி எண்ணை மட்டுமே. பெயர் திருத்தும் பழக்கத்தில் பிறவி எண்ணையே முதலில் பார்த்துப் பழகியவர்கள் இங்கும் அதையே கழித்துவிடுகிறார்கள்.

ஒரு தம்பதியின் கணக்கை எடுத்துக்கொள்வோம். கணவர் பிறந்தது 17-6-1980. மனைவி பிறந்தது 23-11-1987. கணவருக்கு மாதம் 6, நாள் 8, ஆண்டு 9. கூட்டினால் 23, அதாவது விதி எண் 5. முதல் உச்சம் 31 வயதில், 2011-இல் முடிகிறது. பிறவி எண்ணான 8-ஐக் கழித்திருந்தால் 28 வயது என்று வந்து, அவருடைய காலங்கள் அனைத்தும் மூன்று ஆண்டுகள் முன்னால் தள்ளிப்போயிருக்கும். மனைவிக்கு மாதம் 2, நாள் 5, ஆண்டு 7. கூட்டினால் 14, விதி எண் 5. அவருடைய பிறவி எண்ணும் 5 என்பதால், தவறான முறையில் போட்டாலும் அவருக்குச் சரியான விடையே வரும். இதனால்தான் இந்தப் பிழை நெடுநாள் மறைந்திருக்கிறது: ஒருவருடைய கணக்கு நடந்தவற்றோடு பொருந்துவதாகத் தோன்றும்போது, மற்றவருடைய கணக்கை யாரும் சந்தேகிப்பதில்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. முதல் உச்சம் முடியும் ஆண்டில் அவருடைய தனிப்பட்ட ஆண்டு எண் 9 ஆகவே இருக்க வேண்டும். பிறந்த மாதம், நாள் இரண்டையும் அந்த ஆண்டின் எண்ணோடு கூட்டிப் பாருங்கள். கணவருக்கு 2011-இல் 6, 8, 4 கூடினால் 18, அதாவது 9, கணக்கு சரி. பிறவி எண் வழியே வந்த 2008-ஐ வைத்தால் 6, 8, 1 கூடி 15, அதாவது 6. ஆகவே அது தவறு. மனைவிக்கு 2018-இல் 2, 5, 2 கூடினால் 9. ஒன்பதாம் எண் ஆண்டில் ஒரு காலம் முடிந்து, ஒன்றாம் எண் ஆண்டில் அடுத்தது தொடங்குகிறது என்பதே 36 என்ற எண் அங்கே வந்ததன் காரணம்.

வரிசையைப் பார்த்துப் பொருத்துவது

என்னை இன்றுவரை எரிச்சலூட்டும் தவறு இதுதான். கணவரின் இரண்டாவது உச்சத்துக்கு எதிரே மனைவியின் இரண்டாவது உச்சத்தையும், மூன்றாவதுக்கு எதிரே மூன்றாவதையும் எழுதி, அதையே ‘இருவரின் இரண்டாம் கட்டம்’, ‘மூன்றாம் கட்டம்’ என்று பெயரிட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வெவ்வேறு நேரத்தில் கிளம்பிய இரண்டு பேருந்துகளும் இரண்டாவது நிறுத்தத்தில் நிற்க வேண்டியவை என்பதால், இந்த நிமிடம் இரண்டும் அங்கேதான் நிற்கின்றன என்று சொல்வதைப் போன்றது இது.

மேலே சொன்ன தம்பதிக்கு ஒருவர் எழுதித் தந்த தாளைப் பார்த்தேன். கணவரின் உச்சங்கள் 5, 8, 4, 6. மனைவியின் உச்சங்கள் 7, 3, 1, 9. எண்கள் எல்லாமே சரி. ஆனால் ஆண்டுகளைக் கணவருக்கு மட்டும் கணக்கிட்டு, அதே ஆண்டுகளை மனைவிக்கும் போட்டிருந்தார். 2012 முதல் 2020 வரை 8-உம் 3-உம், 2021 முதல் 2029 வரை 4-உம் 1-உம், அதற்குப் பிறகு 6-உம் 9-உம் என்று மூன்றே வரிகள்.

இவர்கள் 2013-இல் திருமணம் செய்துகொண்டார்கள். கணவர் வளைகுடாவில் வேலை பார்த்தார். மனைவி தக்கலை அருகே மாமியார் வீட்டில் இருந்தபடி பி.எட். படித்தார். தாளின்படி அந்த ஆண்டுகளில் மனைவிக்கு 3, அதாவது பேச்சும் கலகலப்பும் உறவினர் கூட்டமுமாக இருக்க வேண்டிய காலம். அவரோ தனியே அமர்ந்து படிப்பவராக, அதிகம் பேசாதவராக இருந்தார். தாளைப் படித்த மாமியார், “கணக்குல சிரிச்சிக்கிட்டு இருக்கணும்னு போட்டிருக்கு, இவ ஏன் எப்பளும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா?” என்று கேட்கத் தொடங்கினார். உண்மையில் 2018 முடியும் வரை மனைவி தம் முதல் உச்சத்தில்தான் இருந்தார். அதன் எண் 7. தனிமை, படிப்பு, உள்நோக்கு ஆகியவற்றைக் குறிக்கும் எண். அதோடு அவருடைய முதல் சவால் எண் 3, அதாவது மனத்தில் இருப்பதை வெளியே சொல்லத் தயங்குவது. முறையைச் சரியாகப் பின்பற்றியிருந்தால் அந்தப் பெண்ணை அவர் இருந்தபடியே விவரித்திருக்கும். தவறாகப் பொருத்தியதால் அது அவர்மேல் ஒரு குற்றச்சாட்டாக மாறியது.

அத்துடன் முடியவில்லை. 2021-இல் மனைவிக்கு 1 தொடங்குகிறது, சொந்தக் காலில் நிற்கும் காலம் அது, என்று தாளில் இருந்ததை நம்பி, நகையை அடகு வைத்து மார்த்தாண்டத்தில் தையல் கடை திறந்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் முழு ஊரடங்கு வந்தது. கடை மீளவே இல்லை. கடை மூடியதற்கு ஊரடங்குதான் காரணம். எண்ணில் அதற்கு விளக்கம் தேட வேண்டாம். ஒரு கடை ஓடுமா ஓடாதா என்பதை இந்த முறை சொல்லாது. ஒருவர் வாழ்க்கையின் போக்கை விவரிக்கும் மொழி என்பதற்கு மேல் இதற்கு நிரூபணம் எதுவும் கிடையாது. என் கோபம் வேறு: அந்த முறையே சொல்லாத ஓர் ஆண்டை, முறை சொன்னதாகக் காட்டி, ஒரு குடும்பத்தை அடகுக் கடை வாசலுக்கு அனுப்பினார்கள். அவருடைய 1 தொடங்குவது 2028-இல்.

சரியான வழி, இருவரின் காலங்களையும் நாட்காட்டி ஆண்டுகளாக மாற்றி, ஒரே கோட்டின் மேலும் கீழும் எழுதுவது. யாருக்கு எல்லை மாறினாலும் அங்கே ஒரு வெட்டு விழும். இரண்டு வெட்டுகளுக்கு இடைப்பட்டதே தம்பதியரின் பொதுக் காலம். இவர்களுக்கு அது இப்படி வருகிறது:

2013–2018: கணவர் 8, மனைவி 7
2019–2020: கணவர் 8, மனைவி 3
2021–2027: கணவர் 4, மனைவி 3
2028–2029: கணவர் 4, மனைவி 1
2030–2036: கணவர் 6, மனைவி 1
2037 முதல்: கணவர் 6, மனைவி 9

மூன்று கட்டங்கள் என்று எழுதப்பட்ட இடத்தில் ஆறு இருக்கின்றன. அவற்றின் நீளமும் சமமாக இல்லை. தாளில் ஒன்பது ஆண்டுகள் என்று போட்டிருந்த 8-3 சேர்க்கை உண்மையில் இரண்டே ஆண்டுகள்தான். இப்போது நடப்பது 4-உம் 3-உம்: கணவருக்கு வீடு, கடன், உழைப்பு, மனைவிக்குப் பேச்சும் பழக்கமும். கணவரின் சவால் எண் 1, தன் முடிவைத் தானே எடுக்கத் தயங்குவது. மனைவியினுடையது 2, பிறர் சொல்லைப் பெரிதாக எடுத்துக்கொள்வது. இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், மாமியார் ஒரு வார்த்தை சொல்லும்போது இருவரும் ஏன் வெவ்வேறு விதமாக அமைதியாகிறார்கள் என்பதைப் பற்றிப் பேசவே முடியும்.

எல்லை பிறந்த நாளில் மாறுகிறது என்று கொள்வோரும் உண்டு. ஜனவரியில் மாறுகிறது என்று கொள்வோரும் உண்டு. எதையும் பின்பற்றலாம், ஆனால் இருவருக்கும் ஒன்றையே பின்பற்ற வேண்டும். இரண்டே ஆண்டுகள் நீளும் குறுகிய கட்டங்களில், முறையைக் கலந்தால் பாதிக் கட்டம் காணாமல் போய்விடும்.

சவால் எண்ணாக 9 வருவது

வராது. ஓரிலக்கங்களைக் கழித்தால் 8-க்கு மேல் போகாது. 9 வந்திருந்தால் ஓரிலக்கமாக்காமல் கழித்திருக்கிறீர்கள்.

கொல்லம் ஆண்டை 825 கூட்டி மாற்றுவது

1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த பகுதி என்பதால், விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் ஜாதகம் இன்றும் கொல்லம் ஆண்டில் கிடைக்கிறது. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணி முதல் டிசம்பர் முடிய 824-ஐயும், ஜனவரி முதல் ஆடி முடிய 825-ஐயும் கூட்ட வேண்டும். மேற்சொன்ன மனைவியின் ஜாதகத்தில் 1163 கார்த்திகை என்று இருக்கும்; அது 1987. எப்போதும் 825 கூட்டுகிறவர்கள் 1988 என்று எழுதிவிடுவார்கள்.

இந்தப் பிழையைத் தனிப்பட்ட ஆண்டுச் சோதனை பிடிக்காது என்பதே இதில் உள்ள ஆபத்து. ஆண்டு ஒன்று கூடும்போது விதி எண்ணும் 5-இலிருந்து 6 ஆகிறது. 1988-உடன் 30 கூட்டினாலும் அதே 2018 வந்து நிற்கிறது. முதல் உச்சமும் மாதம், நாள் இரண்டிலிருந்து மட்டும் வருவதால் 7 ஆகவே இருக்கும். எல்லையும் முதல் எண்ணும் சரியாக இருக்க, இரண்டாவது உச்சம் 3-க்குப் பதில் 4 ஆகிவிடுகிறது. மூன்றாவதும் நான்காவதும் அதைப் போலவே மாறிவிடுகின்றன. பிறந்த கிழமையைக் கேட்டு நாட்காட்டியோடு ஒப்பிடுவது ஒன்றே வழி. 23-11-1987 திங்கட்கிழமை; அதே தேதி 1988-இல் புதன்கிழமை.

பள்ளிச் சான்றிதழில் உள்ள தேதி

வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு உறுதிசெய்யாமல் தொடங்க வேண்டாம்.

இருவரின் எண்களையும் கூட்டி ஒன்றாக்குவது

4-ஐயும் 3-ஐயும் கூட்டி 7 என்று எழுதி, ‘இது உங்கள் இருவரின் தனிமைக் காலம்’ என்று சொல்கிறார்கள். இருவரில் ஒருவர்கூட 7-இல் இல்லை.