மூன்றாவது தாளில்தான் மன்னிப்பு வந்தது

தோழியோடு வந்த சண்டை என்னவோ பணத்தைப் பற்றித்தான். கடைசியில் நான் சொன்னது வேறு: "இதனால்தான்டி உன்கூட யாரும் நிலைக்க மாட்டேங்குறாங்க." காதல் முறிந்த இரவில் அவளே என்னிடம் அழுதுகொண்டே சொன்ன பயம் அது. அதையே எடுத்து அவள்மேல் வீசிவிட்டேன். அதன்பின் அவள் போனை எடுக்கவில்லை. சரி, கடிதம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் தாளை முடித்துப் படித்தால், "ஆனால்" என்ற சொல் நான்கு இடத்தில். ஒவ்வொன்றுக்குப் பிறகும் அவள் செய்த தப்பு. கிழித்தேன். இரண்டாவதில் "உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு" என்று எழுதியிருந்தேன். புண்பட்டிருந்தால் என்ன, புண்படுத்தியது நான்தானே! அதுவும் போனது.

மூன்றாவதில் நான் சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதினேன். கை கூசியது. அதன்கீழே: "நீ நம்பிச் சொன்னதை உனக்கே எதிராகத் திருப்பினேன். அது உண்மை என்று நினைத்துச் சொல்லவில்லை, உனக்கு வலிக்கும் என்று தெரிந்தே சொன்னேன். தப்பு என்னுடையது. நீ சொன்ன எதையும் இனி சண்டையில் எடுக்கமாட்டேன். பதில் எழுத வேண்டும் என்றில்லை." பணத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அது தனிப் பேச்சு.

பதினோரு நாள் மௌனம். நடுவில் "கிடைத்ததா?" என்று கேட்கத் தோன்றியது, அடக்கிக்கொண்டேன். அப்புறம் அவளே கூப்பிட்டாள். "தெரிந்தேதான் சொன்னேன்னு எழுதினியே, அதைப் படிச்சுத்தான் கூப்பிட்டேன்" என்றாள். இப்போது பேசுகிறோம். பழைய காதலைப் பற்றி மட்டும் அவள் இன்னும் என்னிடம் வாய் திறப்பதில்லை. நானும் கேட்பதில்லை.