ஸ்டீம் கேம்கள் உங்களுக்குப் பிறகும் வீட்டாருக்குக் கிடைக்க

கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் தளத்தில் காசு கொடுத்து வாங்குவது கேமை ஆடும் உரிமத்தைத்தான். அது கணக்கு வைத்திருப்பவரோடு முடிந்துவிடும். உயில் எழுதினாலும் கணக்கை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது என்று ஸ்டீம் உதவிப் பிரிவு 2024-இல் ஒரு பயனருக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதனால் செய்ய வேண்டியதையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.

அப்பாவின் கணக்கில் 600 கேம்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் அம்மாவும் மகளும் இருக்கிறார்கள்.

1. அம்மாவுக்கும் மகளுக்கும் தனித்தனிக் கணக்கு தொடங்குங்கள். அப்பா store.steampowered.com/account/familymanagement பக்கத்துக்குப் போய், ஒருவர் வாங்கிய கேமை மற்றவர்களும் ஆட விடும் ஸ்டீம் குடும்பக் குழுவை உருவாக்கி இருவரையும் அழைக்கட்டும். மொத்தம் 6 பேர் சேரலாம். எல்லோரும் ஒரே வீட்டில், ஒரே நாட்டுக் கணக்கில் இருக்க வேண்டும். அழைப்பை ஏற்கும்போது தகுதியில்லை என்று வந்தால் முதலில் கணக்கின் நாட்டைப் பாருங்கள்.

2. அம்மாவைக் கட்டாயம் Adult ஆகச் சேருங்கள். அப்பா மட்டுமே பெரியவராக இருந்தால், அவருக்குப் பின் குடும்ப அமைப்புகளை மாற்ற ஆளிருக்காது.

3. இனி வாங்கும் கேம்களை மகளின் கணக்கில் வாங்குங்கள். இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம். குடும்பப் பகிர்வு இருப்பதால் அப்பாவும் அவற்றை ஆடலாம். உரிமமோ மகளிடமே நிற்கும். பழைய 600 கேம்கள் அப்பாவின் கணக்கு இயங்கும்வரைதான் பகிர்வில் வரும், அதற்குமேல் உத்தரவாதம் இல்லை. ஒரு பிரதியை ஒரே நேரத்தில் ஒருவர்தான் ஆட முடியும் என்பதையும் மறக்க வேண்டாம்.

4. மகளின் நூலகத்தைத் திறந்து அப்பாவின் கேம்கள் தெரிகின்றனவா என்று பாருங்கள். சில வராது. பகிர்வை அனுமதிக்காத கேம்களும், வேறொரு நிறுவனத்தின் கணக்கையோ தனி ஆக்டிவேஷன் கீயையோ கேட்பவையும் விடுபடும். விடுபட்டவற்றில் மகளுக்குப் பிடித்ததை மட்டும் தள்ளுபடியில் அவள் கணக்கில் மறுபடி வாங்கலாம்.

அப்பா இறந்த பிறகு வீட்டை ஒழுங்குபடுத்தும் வேகத்தில் அவர் கணக்கைக் குடும்பத்திலிருந்து நீக்கிவிடாதீர்கள். நீக்கிய கணத்தில் அவர் கேம்கள் எல்லோருடைய பட்டியலிலிருந்தும் போய்விடும், அந்த இடமும் ஓராண்டு பூட்டிக் கிடக்கும். இன்னொன்று: பகிர்ந்த கேமில் மகள் ஏமாற்று மென்பொருள் போட்டுத் தடை வாங்கினால், அந்தக் கேமில் அப்பாவின் கணக்குக்கும் தடை விழும்.

ஸ்டீம் போலவே கேம் விற்கும் ஜிஓஜி தளத்தில் வாங்கியவற்றுக்கு இந்தச் சிக்கல் குறைவு. ஒவ்வொரு கேமுக்கும் offline backup installers என்று நிறுவல் கோப்புகள் கிடைக்கும்; அவற்றை இறக்கி வெளிப்புற ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள். பெரிய கேம்கள் ஒரு .exe, பல .bin கோப்புகளாக வரும். எல்லாம் ஒரே போல்டரில் இருக்க வேண்டும், ஒரு .bin விட்டுப்போனாலும் நிறுவல் பாதியில் நின்றுவிடும். இறக்கியதும் இணையத்தைத் துண்டித்துவிட்டு, வேறொரு கணினியில் ஒரு பெரிய கேமை நிறுவித் திறந்து பாருங்கள்.