ஒப்புவித்தல் போட்டிக்கு வீட்டிலேயே பாட்டைப் பதிவு செய்வது எப்படி

நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகள் பாரதியாரின் ‘அச்சமில்லை’ பாட்டை ஒலிப்பதிவு செய்து அனுப்ப வேண்டியிருந்தது. பாட்டு மனப்பாடம்தான். ஆனாலும் முதல் நாள் பதிவு செய்த பதினொன்றையும் அழித்துவிட்டேன்.

முதலில் அறை. கூடம் வேண்டாம், வெறும் சுவரும் டைல்ஸ் தரையும் குரலை எதிரொலிக்கும். துணி அலமாரியும் மெத்தையும் உள்ள படுக்கையறைதான் சரி. அலமாரிக் கதவைத் திறந்து வைத்து, குழந்தையை அதைப் பார்த்து நிற்க வையுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டு, யாரும் பேசாமல் பத்து விநாடி பதிவு செய்து இயர்போனில் கேளுங்கள். அடுத்த அறைக் குளிர்பதனப் பெட்டியின் உறுமல் எனக்கு அப்போதுதான் கேட்டது.

என்னைத் தடுக்கி விழவைத்தது அடுத்த படி. புத்தகத்தில் பாட்டு சீர் பிரித்து அச்சாகியிருக்கும்:

அச்சமில்லை அச்சமில்லை அச்சமென்ப தில்லையே
இச்சகத்து ளோரெலாம் எதிர்த்துநின்ற போதினும்

இவள் அந்த இடைவெளிகளிலெல்லாம் நின்றாள். ‘அச்சமென்ப’ என்று நிறுத்திவிட்டு ‘தில்லையே’ என்றாள். ‘ளோரெலாம்’ என்றால் என்ன என்று கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது: தாளத்துக்காகப் பிரித்ததை அவள் தனிச் சொல்லாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். ஒரு தாளில் சொல் பிரித்து மறுபடி எழுதினேன். ஒற்றைக் கோடு சிறு நிறுத்தம், இரட்டைக் கோடு மூச்சு.

அச்சமில்லை / அச்சமில்லை / அச்சமென்பதில்லையே //
இச்சகத்துளோர் எலாம் / எதிர்த்துநின்ற போதினும் //

ஒற்றைக் கோட்டில் மூச்சு இழுக்கக் கூடாது. இரட்டைக் கோட்டில் மூக்கு வழியாக, தோள் உயராமல் இழுக்க வேண்டும். மூச்சு போதவில்லை என்பதை வரியின் கடைசியில் கண்டுபிடிக்கலாம்: ‘இல்லையே’யின் ‘யே’ தேய்ந்து காணாமல் போகும். அப்போது சத்தத்தைக் கூட்டச் சொல்லாதீர்கள். முந்தைய இரட்டைக் கோட்டில் அவசரப்பட்டிருப்பார்கள், அங்கே திருத்துங்கள்.

தனி மைக் வாங்க வேண்டாம், கைபேசியே போதும். விமானப் பயன்முறையில் போட்டு, மடித்த துண்டின்மேல் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நேர் எதிரே வைத்தால் ‘போதினும்’ சொல்லும்போதெல்லாம் ‘ப்’ என்று காற்று மோதும். இரைச்சல் நீக்கும் செயலிகள் எனக்குப் பிடிக்காது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது. நடுவில் தவறினால் வெட்டி ஒட்டாமல் முதலிலிருந்து சொல்ல வையுங்கள். மூன்று முறைக்குமேல் வேண்டாம், தொண்டை கட்டிவிடும்.

பின்சேர்க்கை: பதிவில் ‘அச்ச’ விழுங்கப்பட்டு ‘மில்லை’ என்று தொடங்குகிறது என ஒருவர் எழுதியிருந்தார். பொத்தானை அழுத்தியதும் பேசத் தொடங்கினால் அப்படித்தான் ஆகும். அழுத்திவிட்டு மனத்துக்குள் மூன்று எண்ணச் சொல்லுங்கள். முடிந்த பிறகும் அப்படியே. பொத்தான் உங்கள் கையில் இருக்கட்டும்.