லாபம் காட்டிய சின்ன புஷ்

சிஎன்சி லேத் பட்டறைக் கணக்கு இது. ஒவ்வொரு ஆர்டருக்கும் மெஷினைத் தயார் செய்யும் செட்டிங் ஆள் சம்பளம், முதல் பீஸ் சோதனை எல்லாம் சேர்ந்து மாதம் ₹2,00,000. அதை மெஷின் மணிப்படி பிரித்திருந்தார்கள். அங்கே செய்யும் பெரியது, சின்னது என்ற இரண்டு புஷ்ஷுக்கும் ஒரே ஓட்ட நேரம் என்பதால் 10,000 பீஸுக்கும் தலா ₹20.

ஜாப் கார்டுகளை எடுத்து செட்டிங்குகளை எண்ணினேன். பெரிய புஷ் 9,000 பீஸுக்கு 2. சின்னது 1,000 பீஸுக்கு 18. செட்டிங் ஒன்றுக்கு ₹10,000. ஆக, பெரியதற்கு பீஸுக்கு ₹2.22, சின்னதற்கு ₹180! மேற்செலவுக்கு முன் ₹90 மிஞ்சிய சின்ன புஷ், ₹70 லாபத்திலிருந்து ₹90 நஷ்டத்துக்கு இறங்கியது.

செட்டிங் நேரம் வேலைக்கு வேலை மாறினால் எண்ணிக்கை ஏமாற்றும். செட்டிங் மணியை எடுங்கள்.

சின்னதை நிறுத்தினாலும் செட்டிங் ஆளின் சம்பளம் நிற்காது. அதனால் குறைந்தபட்ச ஆர்டரை 200 ஆக்கினோம்: 5 செட்டிங், பீஸுக்கு ₹50. மிச்சமான 13 செட்டிங் நேரத்துக்கு வேறு வேலை பிடித்தால்தான் அது காசாகும்.