மாம்பழப் படத்துக்குக் கீழே கட்சிச் சண்டை: வணிகக் கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்திலும் ஏற்காட்டிலும் உள்ள சிறு கடைகளுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் சமூக ஊடகக் கணக்குகளைப் பார்த்துக்கொள்வது என் தொழில். நாங்கள் சிலர் இத்தொழிலுக்கு வந்த புதிதில் செய்த அதே பிழைகளை, ஒவ்வொரு தேர்தலின்போதும் புதியவர்கள் வரிசை மாறாமல் செய்வதைப் பார்க்கிறேன். கட்சித் தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துப் போடக் கூடாது, மதச் சண்டையில் இறங்கக் கூடாது என்பவை யாரும் சொல்லாமலே தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன். கவனமாகத்தான் இருக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும்போதே நேர்கிற தவறுகளைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

எல்லாப் பின்னூட்டத்துக்கும் இதயக்குறி இடுவது

வந்த பின்னூட்டங்கள் அனைத்துக்கும் உடனே இதயக்குறி இட்டால் பதிவு அதிகம் பேரைச் சென்றடையும் என்பது இத்தொழிலில் எல்லோரும் சொல்லித்தரும் முதல் பாடம். அதைச் சொல்லித்தருகிறவர்கள், எதற்கு இடக் கூடாது என்பதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது இதுதான்.

சேலத்தில் இது இரு மடங்கு ஆபத்து. நம் ஊரின் அடையாளமான மாம்பழம், 2024 மக்களவைத் தேர்தலில் பாமக போட்டியிட்ட சின்னமும்கூட. 2021 சட்டமன்றத் தேர்தலில் ஏப்ரல் 6 அன்றும், 2024 மக்களவைத் தேர்தலில் ஏப்ரல் 19 அன்றும் தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நடந்தது. தோப்புகளிலிருந்து முதல் பழங்கள் மண்டிக்கு வரத் தொடங்குவதும் அதே பருவத்தில்தான். ஆகவே மாம்பழ வியாபாரி ஒருவர் எந்த உள்நோக்கமும் இல்லாமல் தன் சரக்கைப் படம் பிடித்துப் போட்டாலே, அதன் கீழே கட்சிப் பேச்சு வந்துவிடும்.

அப்படிப்பட்ட ஒரு பருவத்தில், பெட்டிகளில் பழம் அனுப்பும் கடை ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். உள்ளங்கையில் ஒரு செந்தூராவை வைத்துப் படமெடுத்து, "முதல் பறிப்பு வந்துவிட்டது, சனிக்கிழமை முதல் அனுப்புகிறோம்" என்று எழுதியிருந்தார்கள். படமும் வாசகமும் குறை சொல்ல முடியாதவை. பின்னூட்டங்களில் விலை கேட்டவர்கள் பாதிப் பேர். நடுவில் ஒருவர் "நம்ம சின்னம், நம்ம ஓட்டு" என்று எழுதி நான்கு மாம்பழக் குறிகளை வைத்திருந்தார். கணக்கைப் பார்த்துக்கொண்ட தம்பி வழக்கப்படி மேலிருந்து கீழ்வரை எல்லாவற்றுக்கும் இதயக்குறி இட்டுக்கொண்டே வந்தவர், அதற்கும் இட்டுவிட்டார். கடை அந்தப் பின்னூட்டத்தை விரும்பியது என்பது பார்ப்போர் அனைவருக்கும் தெரிந்துவிட்டது.

சிறிது நேரத்தில் இன்னொருவர், "ஓஹோ, அப்படியா? இனி உங்க கடைப் பக்கமே வர மாட்டோம்" என்று எழுதினார். தம்பி பதறிப்போய், "எங்களுக்கு அரசியல் எதுவும் இல்லைங்கண்ணா" என்று ஒரு சிரிப்புக் குறியோடு பதில் போட்டார். அப்படியானால் அந்த இதயக்குறி எதற்கு என்று மூன்றாமவர் கேட்டார். தம்பி இதயக்குறியை எடுத்தார். அதற்குள் அதன் ஸ்கிரீன்ஷாட் வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விட்டது. பிறகு, கோபமாக எழுதிய இருவரின் பின்னூட்டங்களை மட்டும் நீக்கினார். கட்சிக்கு ஆதரவாக எழுதியவரின் பின்னூட்டம் அப்படியே இருந்ததால், அதுவரை தவறுதலாகக் கை பட்டிருக்கலாம் என்று எண்ணியவர்கள்கூட, கடை ஒரு பக்கம் நிற்கிறது என்று முடிவு கட்டினார்கள். அன்றிரவு உரிமையாளரே நீண்டதொரு விளக்கம் எழுதினார். தன் குடும்பத்தில் எல்லாக் கட்சியினரும் இருக்கிறார்கள் என்றும், யாரையும் புண்படுத்தும் எண்ணமில்லை என்றும் எழுதினார். அந்த விளக்கம் மாம்பழப் பதிவைவிட அதிகம் பேரைச் சென்றடைந்தது. ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்குத் தருவதற்காகப் பேசி வைத்திருந்த பெட்டிகளை வேண்டாம் என்றது. பிரச்சினையில் இருக்கும் பெயரை அட்டைப் பெட்டியின் மேல் பார்க்க விரும்பவில்லை என்பதைத் தவிர அவர்கள் வேறு காரணம் சொல்லவில்லை.

இதில் தவறிய இடங்கள் மூன்று. இதயக்குறி முதலாவது, அது மட்டும் நடந்திருந்தால் அதிகம் போனால் ஒரு நாள் பேச்சோடு முடிந்திருக்கும். ஒரு பக்கத்தாரை மட்டும் நீக்கியது இரண்டாவது. விளக்கம் எழுதி, தகவலே தெரியாதவர்களுக்கும் தெரியப்படுத்தியது மூன்றாவது.

கட்சி, மதம் சார்ந்த பின்னூட்டம் வந்தால், புகழ்ந்தாலும் இகழ்ந்தாலும், இதயக்குறியும் இட வேண்டாம், பதிலும் எழுத வேண்டாம். அதன் கீழே இரண்டாமவர் வந்து பேச்சு வளர்ந்தால், அந்தத் தொடரை முழுவதுமாக, ஆதரவாக எழுதியவரையும் எதிராக எழுதியவரையும் ஒரே நேரத்தில் நீக்க வேண்டும். பிறகு கணக்கின் பெயரில் ஒரே ஒரு வாக்கியம் எழுதி அதை மேலே பின் செய்துவிடலாம்: "இந்தப் பக்கத்தில் பழங்களைப் பற்றி மட்டும் பேசுவோம், கட்சி சார்ந்த பின்னூட்டங்கள் யாருடையவை ஆனாலும் நீக்கப்படும்." இதற்கு மேல் ஒரு வரியும் தேவையில்லை. முகநூலில் பின்னூட்டத்தை மறைத்தால், எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் அது தொடர்ந்து தெரியும் என்பதை நினைவில் வையுங்கள். அங்கே மறைப்பது போதாது, நீக்கவே வேண்டும்.

கட்சிப் பேச்சும் விலை விசாரிப்பும் ஒரே பின்னூட்டத்தில் வருவதும் உண்டு. "எங்க கட்சிக்காரங்களுக்குத் தள்ளுபடி உண்டா? ஓமலூருக்கு அனுப்புவீங்களா?" என்று கேட்டால், "ஓமலூருக்கு அனுப்புகிறோம் அண்ணா, விலை எல்லோருக்கும் ஒன்றுதான்" என்று எழுதினால் போதும். கட்சி என்ற சொல்லே உங்கள் பதிலில் வரக் கூடாது.

இன்ஸ்டாகிராமில் `Hidden Words` என்ற அமைப்பில் சொற்களைக் கொடுத்து வைத்தால், அவை உள்ள பின்னூட்டங்கள் தாமாகவே மறைந்துவிடும். ஆனால் நம் ஊர் மாம்பழக் கடைக்கு இது பாதிதான் உதவும்; மாம்பழம் என்ற சொல்லைத் தடுத்தால் வாடிக்கையாளரே மறைந்துவிடுவார். "சின்னம்", "ஓட்டு", கட்சிப் பெயர்களின் சுருக்கங்கள், தலைவர்களின் பட்டப்பெயர்கள் ஆகியவற்றைக் கொடுங்கள். நம்மவர்கள் தமிழை ஆங்கில எழுத்திலும் எழுதுவதால், ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று விதமான எழுத்துக்கூட்டலில் சேர்க்க வேண்டியிருக்கும். அப்படியும் நழுவி வருவது வரும். தேர்தல் அறிவித்த நாள் முதல் வாக்குப்பதிவு முடியும்வரை, பின்னூட்டத்தைப் படித்த பிறகே இதயக்குறி என்று கணக்கைக் கையாளும் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.

பிரச்சினை கிளம்புவதை முன்கூட்டியே காட்டும் அறிகுறி ஒன்றும் உண்டு. சாதாரணமான பதிவு ஒன்றைச் சேமித்து வைத்தவர்கள் வழக்கமான அளவிலேயே இருக்க, பிறருக்கு அனுப்பியவர்களின் எண்ணிக்கை மட்டும் திடீரென ஏறினால், அது எங்கோ ஒரு குழுவில் சுற்றுகிறது என்று பொருள். அப்போதே பின்னூட்டங்களைத் திறந்து பாருங்கள்.

சின்னத்துக்குப் பயந்து சரக்கை ஒளிப்பது

ஏற்காட்டில் விடுதி நடத்தும் ஒருவர், தேர்தல் முடியும்வரை சூரிய உதயப் படங்களை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். காப்பி நாற்றங்கால் வைத்திருப்பவருக்கு, இரண்டு இலை விரிந்த நாற்றின் படத்தைப் போடவே தயக்கம். நிறுத்த வேண்டாம் என்பதே என் கருத்து. ஆண்டு முழுவதும் வாரம் ஒரு உதயப் படம் போட்டவர் அதே வாரம் ஒன்றைப் போட்டால் யாரும் ஐயப்பட மாட்டார்கள். திடீரென்று நாளுக்கொன்று போட்டால்தான் கேள்வி வரும். படத்துக்கு எழுதும் வாசகத்தில் "விடியல்", "வெற்றி" போன்ற மேடைச் சொற்களைத் தவிர்த்து, எத்தனை மணிக்கு, எந்த முனையிலிருந்து எடுத்தது, அன்று பனி எப்படி இருந்தது என்று எழுதுங்கள்.

ஒரே கைபேசியில் இரண்டு கணக்கு

கூடாது. முடியாவிட்டால், பின்னூட்டம் எழுதுமுன் எந்தப் பெயரில் எழுதுகிறீர்கள் என்று பாருங்கள்.

கடை எண்ணில் சொந்த ஸ்டேட்டஸ்

வாடிக்கையாளர் அனைவரும் அந்த எண்ணைச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

நினைவுக்கு வந்த பண்டிகைக்கு மட்டும் வாழ்த்து

கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்கு வண்ணப்படம் போட்டுவிட்டு ரம்ஜானை மறந்துபோவது வேண்டுமென்றே செய்வதன்று. ஆனால் ஓராண்டுப் பதிவுகளை விரலால் தள்ளிப் பார்ப்பவருக்கு அந்த வேறுபாடு தெரியாது. ஆண்டின் தொடக்கத்திலேயே எந்தெந்த நாள்களுக்கு வாழ்த்து என்று பட்டியல் எழுதி, எல்லாவற்றுக்கும் ஒரே வடிவம், ஒரே அளவு வாசகம் என்று வைத்துக்கொள்ளலாம். எதற்குமே வாழ்த்துப் போடாமல், தொழிலோடு தொடர்புள்ள செய்தியை மட்டும் சொல்வதும் நல்ல வழி: "திருவிழாக் கூட்டத்தால் கடைவீதிக்குள் வண்டி வராது, புதன்கிழமை அனுப்ப வேண்டியவை வியாழன் போகும்." நான் பெரும்பாலும் இதையே பரிந்துரைக்கிறேன்.

நடுநிலை என்ற பெயரில் ஊமையாகிவிடுவது

ஒருமுறை அடிபட்டவர்கள் அடுத்துச் செய்யும் தவறு இது. விலைப்பட்டியலையும் தொலைபேசி எண்ணையும் தவிர வேறெதுவும் போடாத கணக்கை யாரும் பின்தொடர மாட்டார்கள். கடைக்காரருக்கு வலுவான கருத்துகள் இருக்க வேண்டும். அவை அவருடைய சரக்கைப் பற்றியவையாக இருக்க வேண்டும். கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைப்பதை 2011 ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. வைக்கோலில் வைத்துப் பழுத்த பழத்தைத் தவிர வேறெதையும் அனுப்ப மாட்டேன் என்று ஒரு வியாபாரி அடித்துச் சொல்லலாம். மல்கோவாவைச் சாறு பிழிவது பாவம், அதை அறுத்துத்தான் தின்ன வேண்டும் என்று வாதாடலாம். "இரண்டு நாளாகத் தோப்பில் மழை, இமாம் பசந்தில் இனிப்பு இறங்கியிருக்கிறது, இந்த வாரம் வாங்காதீர்கள்" என்று ஒருவர் எழுதினால், அவருடைய குணம் அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும். அதே பழத்தின் பெயரை வைத்து மதப் பேச்சு எழுப்புபவர் வருவார். அவருக்குப் பதில் இல்லை. அடுத்து விலை கேட்டவருக்குப் பதில் உண்டு.

தன் தொழிலையே தொடும் விவகாரத்தில் தயங்கி நிற்பது

நடுநிலைக்கும் எல்லை உண்டு. 2018 இல் சேலம்–சென்னை எட்டுவழிச் சாலைத் திட்டத்துக்காக நிலம் அளக்கப்பட்டபோது, விளைநிலங்களைக் கொண்டவர்களுக்கு அது கட்சி அரசியலாக இல்லை, வாழ்வாதாரக் கேள்வியாக இருந்தது. உங்களுக்குப் பழம் தரும் விவசாயியின் நிலத்தில் கல் நடப்பட்டால், நீங்கள் மௌனமாக இருப்பதை அவர் நடுநிலை என்று எடுத்துக்கொள்ள மாட்டார். பேச முடிவெடுத்தால், உங்கள் சொந்தப் பெயரில், சொந்தக் கணக்கில் பேசுங்கள். சில வாடிக்கையாளர்களை இழக்க ஆயத்தமா என்பதை எழுதுமுன் வீட்டாரோடும் ஊழியரோடும் அமர்ந்து முடிவு செய்யுங்கள். கடைக் கணக்கில், அந்தத் தோப்பிலிருந்து இந்த ஆண்டு பழம் வருமா, வராதா, வராவிட்டால் எங்கிருந்து வாங்குவீர்கள் என்பதை மட்டும் எழுதுங்கள். அதன் கீழே கேள்விகள் வரும்போது என்ன பதில் சொல்ல வேண்டும் என்பதை, கணக்கைக் கையாளும் தம்பிக்கு முந்தைய நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.